மோட்டாரை நிறுத்து

2015இல் முத்துக்கனி டீச்சரின் வீடு இரணியல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. வீட்டிலிருந்து பிளாட்பாரம் எண்பது மீட்டர்தான். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்த மறந்து, நாகர்கோவில் ரயிலுக்கு ஓடுவார். அதனால் வீட்டைவிட்டுக் கிளம்பியதும் நினைவூட்டும்படி போனில் அலாரம் வைத்தார். ஒருநாளும் அது நேரத்துக்கு அடிக்கவில்லை.

"வீட்டச் சுத்தி நூறு மீட்டர் எல்லை டீச்சர், அதத் தாண்டினாத்தான் அடிக்கும். பிளாட்பாரமும் அதுக்குள்ளதான்," என்றான் அவரிடம் படித்த, போன் கடை சஜின். "ஜிபிஎஸ்ஸ எப்பவும் ஓடவிட்டாலும் அந்த எல்லை சுருங்காது. மத்தியானத்துக்குள்ள சார்ஜும் தீர்ந்துரும்."

"பின்ன இந்த எழவு எனக்கு எதுக்குலே?"

மறுநாளும் மறந்தார். ரயில் நகர்ந்தபோது, ஜன்னல் வழியே தன் மாடித் தொட்டி வழிவது தெரிந்தது.

அப்போது கைப்பையில் போன் அடித்தது: மோட்டாரை நிறுத்து.