தொடர்புகளுக்கு அனுமதி

அருள்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் இருக்கிறது. பார்ட்டிகளுக்குக் கூலிக்குத் துணி பின்னிக் கொடுப்போம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. பார்ட்டிகளிடம் பேசுவது என் கணவர் பொறுப்பு. ஒரு ஞாயிறு கல்யாணத்துக்காக உடுமலைப்பேட்டை போனவர், அங்கிருந்து எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நூல் எப்போது வந்து சேரும் என்று பார்ப்பதற்காக, நூல் வியாபாரி ஒருவர் சொன்னார் என்று இவர் தன் போனில் ஏற்றிய ஆப்பின் அனுமதிப் பட்டியல் அது. ஆப்புகள் போனையே வேவு பார்க்கும் என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்.

"இதுல எதையெல்லாம் எடுத்துடலாம்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றார் போனில்.

பிறர் ஜாதகத்தைத் துருவுவது போல எனக்கு இதில் ஒரு ருசி. 'அனுமதிக்கப்பட்டவை' என்பதன் கீழ் கேமரா, தொடர்புகள், இருப்பிடம், மைக்ரோபோன், எஸ்எம்எஸ். ஒவ்வொன்றையும் நிறுத்தி, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். வந்த நூலின் டெலிவரி சலானைப் படம் எடுத்துப் போட கேமரா வேண்டும். ஆப்பைத் திறந்திருக்கும்போது மட்டும் என்று வைத்தால் போதும். இருப்பிடத்துக்கு 'எப்போதும்' என்றிருந்தது. லாரிதானே நகர்கிறது, எங்கள் யூனிட் எங்கே ஓடிவிடப் போகிறது? எடுக்கச் சொன்னேன். மைக் வாய்ஸ் மெசேஜுக்கு. இவர் அதில் ஒருநாளும் பேசியதில்லை. ஓடிபியைக் கையாலேயே தட்டிக்கொள்ளலாம், எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம்.

தொடர்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் நம்பர்கள்தானே என்று நினைத்தேன். பிறகுதான் இவர் நம்பர் சேவ் செய்யும் லட்சணம் நினைவுக்கு வந்தது. எங்கள் தொழிலில் நிறையப் பேர் இப்படித்தான். பெயரோடு சேர்த்தே என்ன துணி, என்ன கூலி என்று எழுதிவைப்பார்கள். போன் அடித்ததும் ரேட் கண்ணில் பட வேண்டுமாம். எங்கள் பெரிய பார்ட்டியின் பெயரோடு, அவருக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கும் கூலியும் இருந்தது. அந்த நூல் வியாபாரிக்குச் சொந்தமாக நிட்டிங் யூனிட்டும் உண்டு; ஆப்புக்குப் போவது அவர் கைக்கும் போகலாம்.

"ஏனுங்க, மொதல்ல தொடர்புகளை எடுங்க!"

"எடுத்துட்டேன். ஏற்கெனவே போனது திரும்பி வருமா?"

"வராதுங்க. இனிமே படிக்க முடியாது, அவ்வளவுதான். போயிருக்கா இல்லையான்னும் இந்தப் பட்டியல்ல தெரியாது."

எங்கள் தொடர்புகள் உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள் என்று ஆப்காரர்களுக்கு மெயில் போட்டேன். பெரிய பார்ட்டியை அந்த வியாபாரி இழுத்துக்கொண்டால் பாதி மெஷின்கள் நின்றுபோகும். எனக்கு பயம் ஒரு பக்கம், இவர் மேல் எரிச்சல் ஒரு பக்கம். மறுநாள் இவர் மனம் கேட்காமல் அந்தப் பார்ட்டியையே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அட போங்க, நானும் அதே ஆப்புல எல்லாத்துக்கும் சரி சரின்னு அமுக்கியிருக்கேனுங்க. உங்க பேர நான் எப்படி எழுதி வெச்சிருக்கேன் தெரியுமுங்களா?"

"எப்படீங்க?"

"அருள்புரம் நிட்டிங், ரேட் கம்மி, டெலிவரி லேட்டு."

என் கணவர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த வரியை எடுக்க அதில் எந்த பட்டனும் இல்லை.