பதினைந்து காசு அட்டையில் பாதி மனை

பொங்கலுக்கு முந்தின நாள், அக்காவுக்கென்று வாங்கிய கரும்புக் கட்டு ஆவடிக்குப் போய்விட்டு அன்று மாலையே அம்பத்தூருக்குத் திரும்பி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனவனும் தூக்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு, "இன்னா தம்பி, விலை படியலயா?" என்றார். அக்கா கதவைத் திறக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. ஆமாம் என்றேன்.

அவள் கதவைச் சாத்தியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவனே நான்தான்.

அப்பா ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை செய்து அம்பத்தூரில் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். சாலைப் பக்கம் நாற்பது அடி, உள்ளே அறுபது அடி. மேற்குப் பக்கமாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை வீடு, கிழக்கே காலி இடம், நடுவில் கிணறு. கிரையப் பத்திரத்தில் அவர் வைத்தது கட்டைவிரல் ரேகை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்ற ஒன்றை நீட்டி நெளித்துப் போட்ட முதல் ஆள் நான். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். எனக்கு ஒரு பி.ஏ. கிடைத்தது.

அப்பா உயில் எழுதாமல் போனார். சில வருடங்களில் அம்மாவும் போனாள். தொழிற்பேட்டையில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், பழைய வீட்டை இடித்துக் கட்ட கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டியில் கடன் கேட்டேன். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருந்தன. "உங்க அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தா மனை மொத்தமா உங்க பேருக்கு வந்துடும், அப்புறம்தான் கடன்" என்றார்கள். விடுதலைப் பத்திரம் என்றால், எனக்கு இந்தச் சொத்தில் பாத்தியதை எதுவும் இல்லை என்று பங்கு உள்ளவர் எழுதிக் கொடுப்பது. விடுதலை அடைவது யார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அம்மாவின் முதல் வருஷத் திதிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். அலைச்சல் மிச்சம் என்று கணக்குப் போட்டு, நானே தட்டச்சு செய்த முத்திரைத் தாளும் பேனாவுமாக பந்திக்கே போனேன். அக்கா வடையைப் பிட்டு வாயருகே கொண்டு போயிருந்தாள்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

அவள் வடையை இலையில் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு அந்த ஒரு தாளுக்குப் போதுமானதாக இருந்தது.

"நைனா கட்டவெரலு வெச்சு வாங்கின எடம்டா இது. நீ பேனா வெச்சு புடுங்குறியா?"

"உனக்குக் கல்யாணத்துல சீர் செஞ்சாச்சு இல்ல?"

"சீரா? ஒரு அண்டா, ரெண்டு குடம். அண்டாவுல ஓட்ட."

அதன் பிறகு பேசியதை எழுதினால் பந்தியில் இருந்த பெரியவர்கள் இப்போதும் வருத்தப்படுவார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், சண்டை வேண்டாம் என்று நடுவில் வந்து என்னிடம் ஒரு வார்த்தையும் அக்காவிடம் நான்கு வார்த்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரே மாதத்தில் அக்காவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. பாதி எனக்கு, பிரித்துக் கொடு, இல்லையென்றால் பாகப்பிரிவினை வழக்கு. நானும் ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மகிழ்ந்தார். அன்றைய சட்டத்தில் அப்படி ஒரு வசதி இருந்தது. பெண்ணுக்கும் சம பங்கு உண்டு. ஆனால் குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கச் சொல்லி அவளாகக் கேட்க முடியாது. ஆண் வாரிசு பிரிக்க முன்வந்தால்தான் உண்டு. "நீங்க அந்த வீட்டை விட்டு நகராதீங்க, போதும். பங்கு அவங்களுக்கு இருக்கும். பார்த்துக்கிட்டே இருக்கலாம்" என்றார். பதில் நோட்டீஸ் ஆங்கிலத்தில் போனது. எனக்கே பாதிதான் புரிந்தது; அந்தப் பாதியிலேயே வெற்றி தெரிந்தது.

அந்த வெற்றியோடுதான் கரும்பைத் தூக்கிக்கொண்டு ஆவடிக்குப் போனேன்.

திரும்பி வந்த கரும்பை நான் ஒருவனே மூன்று நாள் கடித்தேன். பல்லும் வாயும் புண்ணாகிப் போன நிலையில் ஞானம் வந்தது. அப்பா அம்மா இல்லை. மிச்சம் இருக்கிற ஒரே ஆள் இவள். வழக்கு என்று ஒருமுறை போய்விட்டால் அது முடிவதற்குள் நாங்கள் இருவரும் கிழமாகிவிடுவோம், வக்கீல்களின் பிள்ளைகள் வக்கீலாகிவிடுவார்கள். சமாதானமாகப் போகலாம் என்று அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நான்கு பக்கம் வந்தது. கார்பன் வைத்து நகல் எடுத்தேன். முதல் வரியிலேயே, 'இக்கடிதம் எனது சட்டப்படியான உரிமைகளுக்குப் பங்கமின்றி எழுதப்படுகிறது' என்று போட்டேன். நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. சமாதானத்துக்கும் அதுதான் மரியாதை என்று நினைத்தேன். பத்திகளுக்கு எண் கொடுத்தேன். ஏழாவது பத்தியில்தான் மன்னிப்பு வந்தது. முக்கியமான கடிதமாயிற்றே என்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தது. 'வாங்க மறுத்துவிட்டார்' என்று உறையின் மேல் தபால்காரர் எழுதியிருந்தார். பிறகு தெரிந்தது, பதிவுத் தபால் எது வந்தாலும் தொடாதே, கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வாய் என்று மாமாவுக்குத் தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

உறையை வக்கீலிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. மறுத்தாலும் போய்ச் சேர்ந்த மாதிரிதான், சட்டத்துல."

"சார், இது சமாதானக் கடிதம்."

"எதுவா இருந்தா என்ன. சேர்ந்துடுச்சு."

சட்டப்படி என் சமாதானம் அக்காவைச் சென்றடைந்துவிட்டது. அக்காவுக்குத்தான் தெரியாது.

அன்று மாலை தபால் நிலையத்தில் பதினைந்து காசு கொடுத்து ஒரு அஞ்சல் அட்டை வாங்கினேன். அட்டைக்குக் கையெழுத்து வேண்டாம், உறை இல்லை, பிரிக்காமல் திருப்பி அனுப்பவும் வழியில்லை. கையில் வாங்குவதற்குள் படித்துவிடலாம். இடம்தான் கொஞ்சம். உரிமைகளுக்குப் பங்கமின்றி என்று எழுத ஆரம்பித்தாலே கால்வாசி போய்விடும். அதனால் இவ்வளவுதான் எழுதினேன்:

'அக்கா, பந்தியில் பேனா நீட்டியது என் தப்பு. மனையை இரண்டாகப் பிரிக்க எனக்குச் சம்மதம். கோடு நான் போடுகிறேன். எந்தப் பக்கம் வேண்டும் என்று நீ முதலில் எடு. நீ எடுத்தது போக மிச்சம் எனக்கு. கிணறு பொது. ஞாயிற்றுக்கிழமை வா.'

போடுவதற்கு முன் வக்கீலிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அவங்க வாயால கேட்க முடியாததை நீங்க கையால எழுதித் தர்றீங்க. அட்டையில வேற. அப்புறம் மாத்த முடியாது." அவருக்கு நான் ஒரு நல்ல வழக்கைக் கொன்ற வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டேன். இதில் என் புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு வீட்டுப் பக்கம்தான் வேண்டும். அதனால் வீட்டை ஒட்டிப் பதினெட்டு அடி, காலிப் பக்கம் இருபத்திரண்டு அடி என்று பிரித்தேன். ஓட்டை விழுந்த கூரையை விட நான்கு அடி கூடுதல் மண்ணைத்தான் யாரும் எடுப்பார்கள் என்பது கணக்கு. மன்னிப்புக் கேட்டதும் நான்தான், கணக்குப் போட்டதும் நான்தான்.

அக்கா வந்தாள். கூடவே மாமா, குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு திருநெல்வேலி அம்மாள். அட்டை அக்கா கைக்கு வருவதற்கு முன் தபால்காரர் படித்து, வாசலில் நின்ற அந்த அம்மாளிடம் கொடுத்து, அவர் வரிசை முழுக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். ஆவடியில் ஒரு குவார்ட்டர்ஸ் வரிசை பூராவுக்கும் என் மனைச் சண்டையும் என் மன்னிப்பும் தெரிந்திருந்தன.

"இவன்தான் அட்ட போட்ட தம்பியா?" என்று அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆளு மெலிஞ்சுல்லா இருக்கான்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். காலால் அடி வைத்து இரண்டு பக்கமும் அளந்தாள். பிறகுதான் கேட்டாள்.

"அந்த ரிஜிஸ்டர் தபால்ல இன்னாடா எழுதிகினு இருந்த?"

உள்ளே போய் எடுத்து வந்து பிரித்தேன். "இக்கடிதம் எனது சட்டப்படியான உரிமைகளுக்குப் பங்கமின்றி..."

"போதும், வையி. வாங்காததே நல்லதாப் போச்சு. வாங்கியிருந்தா அன்னிக்கே கேஸ் போட்டிருப்பேன்."

மாமா சிரிப்பை அடக்கக் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, எந்தப் பக்கம்?" என்றேன், காலிப் பக்கத்தில் போய் நின்று அதன் அகலம் தெரியும்படியாக.

"ஊட்டுப் பக்கம்" என்றாள்.

"அது பதினெட்டு அடிதான். கூரை ஒழுகுது."

"தெரியும். அதுல ஒழுகுறதுக்குக் கீழ பாத்திரம் வெச்சுகினு இருந்தவளே நான்தான். நாலு அடி ஜாஸ்தி காட்டினா நான் அந்தப் பக்கம் ஓடுவேன்னு நெனச்சியா? அந்த ஊட்லதான் நான் பொறந்தேன். உன்ன இடுப்புல தூக்கிகினு சுத்துனதும் அங்கதான்."

திருநெல்வேலி அம்மாள் தீர்ப்புச் சொல்வது போல, "அட்டையில முதல்ல அவதான எடுக்கணும்னு போட்டிருந்த? எங்க வரிசையே படிச்சிச்சு தம்பி" என்றார்.

வக்கீல் சொன்னது சரி. மாற்ற முடியாது. சரி அக்கா என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ உன் பக்கத்துல கட்ற வரைக்கும் ஊட்லயே இரு. தொரத்த மாட்டேன்."

இரண்டு வாரம் கழித்து சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர் மேசையில் உட்கார்ந்தோம். பாகப்பிரிவினைப் பத்திரம்: 'அ' ஷெட்யூல் அக்காவுக்கு, 'ஆ' ஷெட்யூல் எனக்கு. நான்கு எல்லைகளும் படித்தார்கள். இதுவரை அடுத்த வீட்டுக்காரர் பெயர் இருந்த இடத்தில், என் மேற்கு எல்லையாக அக்காவின் பெயர் வந்தது. கிணற்றில் இருவரும் நீர் எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் மூடக்கூடாது என்று ஒரு பத்தி. அசல் ஒன்று, நகல் ஒன்று, சாட்சிகள் இருவர். இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'ஆ' ஷெட்யூல் முழுக்க என் ஒருவன் பெயரில் இருக்கிறது. சொசைட்டி கடன் தர இனி யாருடைய விடுதலையும் தேவையில்லை. பந்தியில் பேனா நீட்டாமல் இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

எழுத்தர் பக்கங்களை அடுக்கும் இடைவெளியில் அக்கா எதிர் டீக்கடைக்குப் போய் வந்தாள். என் வலது கையில் சுடச்சுட ஒரு மசால் வடையை வைத்தாள். நான் ஒரு கடி கடித்த நேரம் பார்த்து, பத்திரத்தை என் முன் தள்ளினாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

"கை எண்ணெயா இருக்குக்கா."

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. போடுடா."

போட்டேன். எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், கிணறு பொது என்ற பத்திக்குப் பக்கத்தில், அந்த எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. கடன் கொடுக்கும்போது சொசைட்டி அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"எங்க அக்கா போட்ட முத்திரை சார்" என்றேன்.