பூட்டிய பீரோவும் நாலு கேமராவும்

ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்தாறு வயது. சின்னப் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்களிடமிருந்தே தெரிந்துகொள்வது என் ஆராய்ச்சி. ஆறேழு வயசுப் பிள்ளையிடம் கேள்வித்தாளை நீட்ட முடியாது. உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால், நமக்கு எது பிடிக்கும் என்று மோப்பம் பிடித்து அதையே சொல்லிவிட்டு ஓடிவிடும். அதனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் படம் வரையச் சொல்வார்கள், கேமராவைக் கொடுத்து அவர்களையே எடுக்கச் சொல்வார்கள், பிறகு அந்தப் படங்களை நடுவில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்திருந்தேன். பிள்ளைகள்தான் படித்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் வல்லம் வடகால் பக்கம். பின்னால் ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். இரண்டே ஆசிரியைகள், அதில் ஒருத்தர் பயிற்சிக்குப் போயிருந்ததால் ஐந்து வகுப்பையும் தலைமை ஆசிரியை ஒருத்தரே மேய்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்.

முதலில் சம்மதம் வாங்க வேண்டும். அம்மாக்கள் ஷிப்ட் முடிந்து வரும்வரை வாசலில் காத்திருந்து கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆனால் அது போதாது. பிள்ளையும் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். முதல் நாள் இரண்டாம் வகுப்பை வட்டமாக உட்கார வைத்து, "உங்களுக்குப் பிடிச்சா சேரலாம். பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லலாம். நடுவுல வேணும்னாலும் போயிடலாம்" என்றேன்.

முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"வேணாம்னு சொன்னா இன்னா பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அடிக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

"பெரிய டீச்சராண்ட சொல்ல மாட்டீங்க?"

"சொல்ல மாட்டேன்."

"அப்ப வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்துபோய் தூணில் சாய்ந்துகொண்டு, நான் நிஜமாகவே ஒன்றும் செய்யாமல் இருக்கிறேனா என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் வந்து, "வேணும்" என்றாள். பத்து நிமிஷம் கழித்து, "வேணாம்." சாப்பாட்டு மணிக்கு முன்னால், "வேணும்." மூன்று தடவையும் நான் சரி என்றேன். அதற்கப்புறம் ஒருநாள்கூட அவள் விலகவில்லை.

படம் வரைவதில் ஆரம்பித்தேன். "உங்க பள்ளிக்கூடத்தை வரைங்க" என்று தாளும் கிரேயானும் கொடுத்துவிட்டு, போன் வந்ததென்று ஐந்து நிமிஷம் வெளியே போனேன். அந்த ஐந்து நிமிஷத்தில் பெரிய டீச்சர் எனக்கு உதவி செய்துவிட்டார். திரும்பி வந்தால் கரும்பலகையில் ஓட்டு வீடு, இரண்டு தென்னை, பக்கத்தில் பறக்கும் கொடி. பிள்ளைகள் எல்லோரும் குனிந்து அதையே வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓடும் கிடையாது, தென்னையும் கிடையாது. கொடிக்கம்பம் போன மழையில் சாய்ந்து, சமையல்கூடத்துக்குப் பின்னால் கிடந்தது.

"பசங்களுக்கு ஒண்ணும் தெரியலைம்மா, திருதிருன்னு முழிச்சிதுங்க. அதான் போட்டுக் காட்டினேன்" என்றார் அவர். நன்றி சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தப்பு என் கேள்வியிலும் இருந்தது. "பள்ளிக்கூடத்தை வரை" என்றால் கட்டடத்தைத்தான் வரைவார்கள். மறுநாள் நாலு நாலு பேராக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "இங்க உனக்கு எந்த எடத்துல இருக்கப் பிடிக்கும்? எந்த எடம் பிடிக்காது?" என்று கேட்டேன். வரைந்து முடித்த பிறகு கேட்காமல், வரையும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஒரு பையன் தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தைத் தேய்த்தான். அவன் மனசில் ஏதோ பெரிய பாரம் இருக்கிறதென்று எனக்குள் ஓடியது. "இன்னாடா இது?" என்று பக்கத்துப் பையன் கேட்டான். "சாம்பார்" என்றான் இவன்.

பல் விழுந்தவள் ஒரு பெரிய சதுரம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். ஜன்னலா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கேமரா. மலிவான டிஜிட்டல் கேமரா நாலு. ஒருநாள் முழுக்கப் பழகவே விட்டேன். விரல், முட்டி, ஆகாயம் என்று நூற்றுக்கணக்கில் சுட்டார்கள். பிறகு விதிகள்: கயிறு கையில் மாட்டியிருக்க வேண்டும், கழிப்பறைப் பக்கம் போகக் கூடாது, யாரைப் படம் எடுத்தாலும் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.

மறுநாள்தான் நிஜமாக எடுக்க விட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அறையில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகள் உயரத்திலிருந்து எடுத்த பள்ளிக்கூடம் வேறொரு இடம். மேசைகளின் அடிப்பக்கம், எட்டாத கொக்கி, அண்ணாந்து பார்த்த குழாய். பல் விழுந்தவள் எடுத்த முப்பத்துச் சொச்சம் படங்களில் பாதி ஆபீஸ் அறையில் இருந்த பச்சை பீரோவின் பூட்டு. வாரம் முழுக்க அதைத் தாண்டித்தான் நடந்தேன், ஒருநாளும் கவனித்ததில்லை. அவள் வரைந்த சதுரமும் புள்ளியும் அப்போதுதான் புரிந்தது.

கடைசிப் படத்தில் பெரிய டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் தலை, லேசாகத் திறந்த வாய், கலைந்த கொண்டை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் எண்ணம், ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது என்பதுதான். இரண்டாவது எண்ணம் கொஞ்சம் தாமதமாக வந்தது: அவர் சம்மதம் இல்லாத படம் இது.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டீச்சரைக் கேட்டுட்டுதான் எடுத்தியா?"

"கேட்டேனே. எடுக்கட்டுமா டீச்சர்னு மெதுவா கேட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வேணாம்னு சொல்லலை."

"தூங்கறவங்க எப்படிச் சொல்லுவாங்க? வாயைத் தொறந்து சரின்னு சொன்னாதான் சரி."

"வாய் தொறந்துதான் இருந்துச்சு" என்றாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்தப் படத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை என்றேன். "அது என் படம், நீங்க எப்படி வேணாம்னு சொல்லலாம்?" என்றாள்.

பிரிண்ட் போட ஒரகடம் கூட்டு ரோட்டு ஸ்டூடியோவில் கேமரா கார்டுகளைக் கொடுத்தபோது அந்த ஒரு படம் மட்டும் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். கடைக்காரர் தலையாட்டினார். எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் சரிபார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை படங்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொருத்தரும் தனக்கு முக்கியமான மூன்றை எடுத்து, அதற்குப் பேர் வைக்க வேண்டும், ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும் என்றேன். பல் விழுந்தவள் நேராகப் போய் அந்தப் படத்தை உருவினாள். நான் பிடுங்குவதற்குள் அவளைச் சுற்றிக் கூட்டம். சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் உள்ளே வந்தார். சுற்றி நின்றவர்கள் அவரவர் இடத்துக்கு ஓடினார்கள்.

அவளோ படத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், அன்னிக்கு நான் கேக்கசொல்ல நீங்க தூங்கினு இருந்தீங்க. இப்ப கேக்கறேன். இதை செவுத்துல மாட்டலாமா?"

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். காது நுனி சிவந்தது.

"வேணாம்" என்றார்.

"சரி டீச்சர்."

அவ்வளவுதான். அவள் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. திரும்பப் போனவளை அவரே நிறுத்தினார்.

"நில்லு. நான் தூங்கறதை எல்லாருக்கும் காட்டணும்னா எடுத்தே?"

"உங்களை எடுக்கலை டீச்சர். சாவிய எடுத்தேன். நீங்க நடுவுல வந்துட்டீங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். மேசைமேல், அவருடைய கைக்கு ஒரு சாண் தள்ளி, சாவிக்கொத்து கிடந்தது. படத்தின் சரியான நடுவில் இருந்ததே அதுதான். என் கண் வாயையும் கொண்டையையும் தாண்டிப் போகவே இல்லை.

"எந்தச் சாவி?"

"பச்சை பீரோ சாவி. அதுல பொம்மை கீது, கதை புக்கு கீது. கம்பெனிக்காரங்க குடுத்தாங்களே. போட்டோ எடுக்கறதுக்கு எங்க கையில குடுத்துட்டு, அவங்க போனதும் வாங்கி உள்ள வெச்சுட்டீங்க."

வகுப்பில் யாரோ, "பந்துகூட கீது டீச்சர்" என்றார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "ஏதாவது காணாமப் போனா மேல நான்தாம்மா பதில் சொல்லணும்" என்றார். எனக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது. நான் அவர் கண்முன்னாலேயே கார்டிலும் கணினியிலும் இருந்த படத்தை அழித்தேன். கிழித்துவிடுவதற்காகப் பிரிண்டையும் கேட்டேன். "இருக்கட்டும்" என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், சாவிய மட்டும் வரையலாமா?" என்று அவள் கேட்டாள்.

"சாவிய வரைஞ்சுக்கோ."

அடுத்த வாரம் அம்மா அப்பாக்களைக் கூப்பிட்டு, கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பிள்ளை சொன்ன வாசகம், என் திருத்தம் இல்லாமல். பல் விழுந்தவளின் ஓவியத்தில் சாவி பீரோவைவிடப் பெரிதாக இருந்தது. அதன் ஓரமாக, கறுப்பாக உருண்டையாக ஒன்று.

"இது என்ன?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

"கொண்டை."

"யாரோட கொண்டை?"

"தெரியாது டீச்சர்."

அவர் குனிந்து பார்த்தார். "யாரா இருந்தாலும் முடி இதைவிட ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லையே, அப்படியென்றால் சரிதான் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். நான் வகுப்பெடுத்த பாடம் எனக்கே இடித்தது. ஓடிப்போய், "இது இங்கயே மாட்டியிருக்கட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்னுதானேம்மா சொல்றேன்" என்றார்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அந்தத் தூங்கும் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "ஒரு பிரதியாவது வைத்திருக்கக் கூடாதா?" என்று போனில் அங்கலாய்த்தார். அப்புறம் யோசித்து, வைத்திருக்காததே சரி என்றார்.

பீரோ அடுத்த திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் திறந்தது. கதைப் புத்தகங்களில் இரண்டை எலி ஏற்கெனவே படித்து முடித்திருந்தது. பந்தில் காற்று இல்லை. ஆனால் மரக்கட்டைப் பெட்டி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புதுசாக இருந்தது. எப்படி அடுக்குவது என்று காட்டுவதற்காகப் பெரிய டீச்சர் பாயில் உட்கார்ந்தார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. கோபுரம் அவருடைய தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. சுற்றிலும் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க, பல் விழுந்தவள் மெல்ல ஒரு கட்டையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏய், யாரும் தொடாதீங்க" என்றார் பெரிய டீச்சர். "இன்னும் ரெண்டுதான் பாக்கி."