முழுக் கவிதைக்கும் ஒரே ஒரு நன்றி

என் கவிதைகளைத் தினம் காலையில் ஒன்றாக ஒரு வலைப்பூ வெளியிட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் என் பதிப்பாளர். என் பெயர், புத்தக அட்டைப்படம் எல்லாம் போட்டு, கடைசியில் பெரிய எழுத்தில் நன்றியும் சொல்லியிருந்தார்களாம். இதில் சந்தோஷப்பட என்ன குறை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்தேன்.

2009 வாக்கில் நடந்தது இது. எனக்குச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. பதிப்பாளர் மேல வீதிப் பக்கம் நோட்டும் பேனாவும் விற்கிற கடை வைத்திருந்தார். கடையின் பின்னறைதான் பதிப்பகம். என் முதல் தொகுப்பு அங்கேதான் வந்தது. மெல்லிய புத்தகம்தான், ஆனாலும் ஒருவழியாக விற்றுத் தீர்ந்திருந்தது. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று நான் சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த நேரம்.

"போடலாம்னுதாம்மா இருந்தேன்," என்றார். "மொத்த புக்கையும் அவரு ஓசியில போட்டுட்டா அப்பறம் எவன் வாங்குவான்? மொதல்ல அத எடுக்கச் சொல்லு. அப்பறமா பாக்கலாம்."

நூலகத்துக் கணினியில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். கால்வாசிப் புத்தகத்துக்கு மேல் ஏறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே 'அருமையான கவிதை' என்று ஒரு வரி, கீழே நன்றி, அவ்வளவுதான். பதிப்பாளரிடம் காட்ட ஒரு கவிதையை நகலெடுக்கலாம் என்று சுட்டியின் வலதுபக்கத்தை அழுத்தினேன். சட்டென்று ஒரு பெட்டி எழும்பி வந்தது. 'மன்னிக்கவும்! இது என் உழைப்பு. திருடாதீர்கள்!'

என் கவிதையை என்னாலேயே எடுக்க முடியவில்லை. கோபத்தில் காது சூடானது. அடுத்த நிமிடம் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழேதான் என் நாற்காலி.

பின்னூட்டத்தில், இதை எழுதியவள் நான்தான், உங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். 'கவிஞரே வந்துவிட்டார்!' என்று வலைப்பூக்காரர் ஒரு தனிப் பதிவே போட்டுவிட்டார். கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டில் வீடாம், பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையாம், ஞாயிற்றுக்கிழமை அவசியம் சாப்பிட வர வேண்டுமாம். சண்டை போடப் போகிறவளுக்கு விருந்து அழைப்பு.

கடலூர் பஸ்ஸில் போய் இறங்கினேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், கண்ணில் அப்படி ஒரு பூரிப்பு. அவர் மனைவி மீன்குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை வந்த விஷயத்தை நான் எடுக்கவில்லை. கை கழுவியதும், கவிதைகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மேடம், எல்லாத்துலயும் ஒங்க பேரு போட்டுருக்கனே. நன்றியும் சொல்லிருக்கன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"பேரு போடறது மரியாதைங்க. ஆனா அது அனுமதி ஆயிடாது. கவிதையப் பத்தி நீங்க ஏதாவது சொல்லணும், அதுக்குத் தேவையான வரிய எடுத்துப் போட்டு, யார் எழுதுனது, எந்தப் புக்குன்னு சொல்லணும். விமர்சனத்துக்கு அப்படிப் போட சட்டமே எடம் குடுக்குது. என்னக்கூடக் கேக்க வேணாம். முழுசா எடுத்துப் போட்டு அருமைன்னு ஒரு வார்த்த சொன்னா, அது விமர்சனம் இல்ல, நகல்."

"எத்தன வரி போடலாம்?"

"சட்டத்துல கணக்கு கெடையாது. சொல்ல வந்ததுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"ஒங்க கவிதைல பாதி அஞ்சு வரிதான மேடம் வருது? அதுல நான் எத எடுக்கறது, எத வுடறது?"

அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். சின்னக் கவிதைக்கு இரண்டு வரியே பெரிய பங்குதான், யோசித்து எடுங்கள் என்று சமாளித்தேன். சினிமா விமர்சனத்தில் வசனம் போடுவதைப் பற்றிக் கேட்டார். எந்த வசனத்தைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அதை மட்டும் போடுங்கள், காட்சி முழுவதையும் இறக்காதீர்கள் என்றேன். வலைப்பூவில் ஒரு சினிமாப் பாட்டு வரிக்குக் கீழே அவர் நன்றி சொல்லியிருந்தது படத்தில் வாயசைத்த கதாநாயகனுக்கு. எழுதினவர் பெயர் எங்கே என்று கேட்டேன். "அத யாரு மேடம் பாக்கறா?" என்றவர், எதிரில் இருப்பவள் யார் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் பார்த்தால் என் கவிதைகள் எல்லாம் போய்விட்டன. அந்தத் 'திருடாதீர்கள்' பெட்டியும் போயிருந்தது. பயந்துபோன மனிதர் என் புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட மேற்கோள் காட்டாமல் ஒரு பதிவு எழுதியிருந்தார். 'மூன்றாவது பக்கத்துக் கவிதையின் நாலாவது வரி என்னை உலுக்கியது.' என்ன வரி, எதற்கு உலுக்கியது, ஒன்றும் இல்லை. நானே போன் போட்டேன்.

"ஐயா, வரியப் போடுங்க. போட்டு ஒங்க மனசுல பட்டத எழுதுங்க. அருமைய மட்டும் வுட்டுடுங்க."

போட்டார். அதுதான் வினையாகிப்போனது.

கடலூர் பஸ்ஸில் குடிகாட்டைத் தாண்டும்போது வருகிற ரசாயன வாசனையைப் பற்றி நான் எழுதிய கவிதை அது. அதிலிருந்து இரண்டே வரியை எடுத்திருந்தார். 'ஜன்னலை மூடினேன். ஊர் போய்விட்டது, வாசம் போகவில்லை.' கீழே என் பெயர், புத்தகத்தின் பெயர், பதிப்பகம் எல்லாம் சுத்தமாக இருந்தது. பிறகு அவருடைய சொந்த எழுத்து. 'கவிஞருக்கு மூட ஒரு ஜன்னல் இருக்கிறது. சிதம்பரம் போனதும் திறந்துகொள்வார். எங்கள் ஊர் எங்கும் போய்விடவில்லை. நாங்கள் இதே காற்றில்தான் குழம்பு கொதிக்க வைக்கிறோம், குழந்தையைத் தூங்க வைக்கிறோம். இந்தக் கவிதை பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.'

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மீன்குழம்பு போட்டு வளர்த்த பகை! உடனே எடுக்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தவுடன் உறைத்தது. தேவையான அளவு வரி, பெயர், சொந்த வாதம். நான் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பிசகில்லை. திட்டிவிட்டார் என்பதற்காக எடுக்கச் சொல்ல எந்தச் சட்டத்திலும் எனக்கு இடமில்லை. போனை வைத்துவிட்டு, அன்றைக்கு முழுதும் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

பின்னூட்டத்தில் சண்டை தூள் பறந்தது. எனக்காகப் பாதிப்பேர், அவருக்காகப் பாதிப்பேர். கவிதை முழுசாக எங்கேயும் கிடைக்காததால் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பதிப்பாளரின் கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நோட்டு வாங்க வருகிறவர்களுக்கு நடுவில் கவிதை கேட்டு வந்தவர்களைப் பார்த்து அவரே மிரண்டுபோனார். "யாரும்மா அவரு? அடுத்த புக்கையும் திட்டச் சொல்லு," என்றார். இரண்டாம் பதிப்பு முடிவாகிவிட்டது.

அதற்குள் என் கோபமும் ஆறியிருந்தது. மறுபடி படித்தபோது அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது, வலித்தது. கவிதையை மாற்றவில்லை. எதிர்ப்பக்கத்தில் அவர் எழுதிய பத்தி முழுவதையும் அவர் அனுமதி கேட்டு, அவர் பெயரோடு போட்டோம்.

கடலூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் சின்னதாகக் கூட்டம் வைத்தோம். கவிதையை நான் படித்தேன், பத்தியை அவர் படித்தார். முடிந்ததும் அவர் மனைவி கையில் புத்தகத்தோடு என்னிடம் வந்தார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

"எங்க ஊரு காத்தப் பத்தி இதுவரைக்கும் மனுதான் மேடம் எழுதிருக்கோம்," என்றார். "ஒருத்தரும் பதில் போட்டதில்ல. இதுல எதிர்ப்பக்கத்துலயே பதில் இருக்கு."