பதினான்கு மாடிப் பேச்சு

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால், ஒரு மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடுவார். ரேடியோ கீழே இன்டர்காமைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவர் பயப்படாமலிருக்கப் பேசிக்கொண்டே இருப்பார். கதவு திறக்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது என்பது விதி. கதவு திறந்த பிறகு நிற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லாததால் அவர் நிறுத்துவதில்லை. லிஃப்டுக்குள் இருந்தது பெரிய கஷ்டமில்லை, வெளியே வந்த பிறகுதான் என்று சொன்னவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த உயிர் நண்பர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர். அவர் பேச்சு மொத்தமும் “ம்” என்ற ஓரெழுத்தில் அடங்கிவிடும். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் ரேடியோ அந்தக் கடைக்கு மேலிருந்த அறைக்குப் போவார், பேசுவார், மனம் லேசாகித் திரும்புவார். அவருக்கு வேறு குடும்பம் இல்லை. ஞாயிறுதான் குடும்பம்.

நாற்பத்தொன்றாவது வயதில் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்பில் உயிர் நண்பர் நாலு வார்த்தை பேசி, மணமக்களுக்காக எல்லோரையும் பழச்சாறுக் கோப்பை உயர்த்தச் சொல்ல வேண்டும். மணப்பெண் மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர். வலிக்கும் என்று தெரிந்தே சிரித்துக்கொண்டு கையை முறுக்கும் தொழில். அதே சிரிப்போடு ரேடியோவிடம் கேட்டார்.

“அண்ணா, போன வருஷம் யாரோ கல்யாணத்துல நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளையோட தாத்தா தூங்கிட்டாராமே?”

“அவர் நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தூங்கிட்டாரும்மா.”

“ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள முடிச்சிட்டா ஞாயித்துக்கிழமை உங்களுக்கு. ஒரு விநாடி தாண்டினா ஞாயித்துக்கிழமை எனக்கு. எங்கக்கா டைம் பாப்பா.”

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச். ரேடியோ சிரித்து வைத்தார். நண்பர் பக்கம் திரும்பி, “என்னடா, நீயாவது சொல்லுடா” என்றார்.

“ம்” என்றார் நண்பர்.

முதலில் எழுதியது ஒன்பது பக்கம். அக்காவிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“பதினோரு கதை எதுக்கு? ஒண்ணு போதும். நீங்க யாருன்னு ஒரு வரி. அவரை நல்லாக் காட்டற மாதிரி ஒரே ஒரு கதை, கேலி இருக்கலாம், தலைகுனிவு கூடாது. அப்புறம் என் தங்கச்சி உள்ள வரணும். அப்புறம் கோப்பை. அவ்வளவுதான். இது என்ன, பழைய காதல் விவகாரமா? அடிச்சாச்சு. இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும் புரியற ஜோக். அடிச்சாச்சு. மனசுக்குள்ள படிச்சுப் பாக்காதீங்க, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. மனசு வேகமா ஓடும், வாய் ஓடாது.”

ஒன்பது பக்கம் உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கியது. முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடம். மற்ற ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு சொல்.

வாய்விட்டுச் சொல்ல ரேடியோ கண்டுபிடித்த இடம், அவர் பராமரித்துவந்த பதினான்கு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட். கீழிருந்து உச்சிக்குப் போய்த் திரும்பி வந்தால் சரியாக ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. ‘பராமரிப்பு நடக்கிறது’ என்ற பலகையை மாட்டிவிட்டு உள்ளே ஏறினார். ஆறாவது மாடியில் கதை தொடங்கும், உச்சியில் முடியும், இறங்கும்போது எட்டில் ஒரு நகைச்சுவை, நாலில் மணப்பெண், தரைத்தளத்தில் கோப்பை. ஒரு வாரம் குடியிருப்பவர்கள் படியேறினார்கள். ஒரு நல்ல காரியத்துக்குத் தாங்கள் உதவுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள் மாறியிருக்காது.

பேச்சு கடைசியில் கதவு திறப்பதும் வாய் மூடுவதும் ஒன்றாகிற அளவுக்குக் கச்சிதமானது. அதில் ஒரே ஒரு குறை. காலி லிஃப்டில் யாரும் சிரிப்பதில்லை.

வரவேற்பன்று கோப்பைகள் நிரம்பியதை முதலில் பார்த்துக்கொண்டார். தன்னுடையதை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு கையில் மைக், ஒரு கையில் அட்டையுடன் எழுந்தார். அரங்கின் கோடியில் அக்கா பொத்தானை அழுத்தினார்.

“வணக்கம். நான் மாப்பிள்ளையோட நண்பன். பன்னெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம். அதாவது, நான்.”

அரங்கம் சிரித்தது. ரேடியோ திகைத்துப்போனார். சிரிப்பு அடங்குமுன் பேசினால் அடுத்த வரி யாருக்கும் கேட்காது; காத்திருந்தால் விநாடி போகும். காத்திருந்தார். ஏழு விநாடி.

“நாங்க பழகறதுக்கு முன்னாடி இவன் ஒருநாள் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். நான் இன்டர்காம்ல நாப்பது நிமிஷம் பேசினேன். மழை, கிரிக்கெட், என் பல்வலி. இவன் எல்லாத்துக்கும் ‘ம்’ன்னான். கதவு திறந்தது. எல்லாரும் தண்ணி கேப்பாங்க, சிலர் என்னை அடிக்க வருவாங்க. இவன் என் முகத்தையே பாத்தான். ‘உங்க கண்ணாடி லூசா இருக்கு’ன்னு சொல்லி, பாக்கெட்லருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அங்கேயே நின்னு முடுக்கிக் குடுத்துட்டுப் போனான்.”

இந்தத் தடவை சிரிப்பு அலை அலையாக வந்தது. ஒரு மாமா மேசையைத் தட்டினார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று ஆள் ஏற்றுவது போலிருந்தது ரேடியோவுக்கு. கோடியில் அக்கா ஒரு விரலைக் காட்டினார். ஒரு நிமிடம் முடிந்து கொஞ்சம் ஆகிவிட்டது. அவர் கணக்கில் இப்போதுதான் உச்சிக்கே வந்திருக்கிறார். அக்கா விசிலை எடுத்து உதட்டருகே வைத்தார்.

அட்டையின் அடுத்த சொல் ‘நெற்றி’. நண்பர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடிய கதை. ஒன்பது பக்கத்தில் ரேடியோவுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டார். எட்டாவது மாடியில் நிற்காமல் நேரே நாலுக்கு இறங்கினார்.

“ஆறு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை இவனாவே வாயைத் திறந்தான்.” மணப்பெண் பக்கம் திரும்பினார். “உங்களைப் பத்தித்தாம்மா. நாப்பது நிமிஷம் பேசினான். நான்தான் ‘ம்’ போட்டேன். இவனுக்குள்ள இவ்வளவு பேச்சு மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. கதவைத் திறந்தது நீங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அட்டையைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கோப்பையை எடுத்தார்.

“எல்லாரும் கோப்பையை எடுங்க. இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு தீரவே கூடாது. மணமக்களுக்கு!”

“மணமக்களுக்கு!” என்றது அரங்கம். கோப்பைகள் கிணுகிணுத்தன. அக்கா விசிலை மார்பில் விழவிட்டு ஸ்டாப்வாட்சைத் தங்கையிடம் காட்டினார். ஒரு நிமிடம் ஐம்பத்தாறு.

ரேடியோ பெருமையாக உட்காரப் போனார். அப்போது கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார். ஒரு “ம்” சொல்லிவிட்டுத் தருவார் என்றுதான் ரேடியோவும் நினைத்துக் கொடுத்தார்.

“என் நண்பன் ஒரு விஷயம் விட்டுட்டான்” என்று அவர் தொடங்கினார். கண்ணாடி நெற்றியில் இருந்த கதையைச் சொன்னார். அதற்கு முன் நடந்ததைச் சொன்னார். ரேடியோவின் பல்வலிக்கு வந்தார். சூப் ஆறியது. மேசையைத் தட்டிய மாமாவின் தலை மெல்லச் சாய்ந்தது. அக்கா விசிலை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு யாரும் நேரம் விதிக்கவில்லை.

பதினெட்டாவது நிமிடத்தில் மணப்பெண் ரேடியோவின் பக்கம் குனிந்தார்.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடுங்க.”

“ஜெயிச்சுட்டேன்ல, வராம இருப்பேனா?”

“அதுக்கில்லண்ணா. எவ்வளவு நேரம்தான் நான் ஒருத்தியே ‘ம்’ போடறது?”