சரிங்க தொரை

எங்கள் தோட்டத்து ஆபீசில் தொழிலாளிகள் பேசுவதற்கென்றே ஒரு ஜன்னல் இருக்கிறது. கம்பிக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். பதினாறு வருடம் நானும் அந்த ஜன்னலில்தான் பேசினேன். தேயிலைக் கொழுந்து பறித்தது ஒன்பது வருடம்; மேல் டிவிசனில் முப்பது பெண்களுக்குக் கங்காணியாக இருந்தது ஏழு வருடம். அன்றைக்கு மத்தியானம் பெரிய கிளாக்கர் மலைக்கே ஆள் அனுப்பி, மேனேஜர் தொரை உள்ளே வரச் சொல்கிறார் என்றதும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

எதற்கென்று தெரியும். எங்கள் டிவிசனைப் பார்த்துவந்த உதவி வெளிக்கள உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய் மூன்று மாதம். எந்த மலையில் என்றைக்குக் கொழுந்து எடுப்பது, எங்கே மருந்தடிப்பது என்று டிவிசன் முழுவதையும் பார்க்கிற வேலை அது. அந்த மூன்று மாதமும் அதைப் பார்த்தது நான்தான். வேலைக்கு விண்ணப்பமும் போட்டேன், இன்டர்வியூவுக்கும் போய்விட்டு வந்தேன். கிடைத்தால் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்து அறையை விட்டுவிட்டு குவாட்டர்ஸுக்குப் போகலாம். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். மகள் அடுப்படியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். அவசரக்காரி நான், ஹட்டனில் ஒரு கடையில் ஜன்னலுக்குத் திரைச்சீலைத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டேன்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

"உக்காருங்க" என்றார் தொரை.

தொரை சிங்களவர். தமிழை எங்களிடம் கேட்டுக் கேட்டே பழகியவர். எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அதில் எங்களுக்கு வருத்தமும் இருந்ததில்லை. திடீரென்று நாற்காலியும் 'ங்க'வும் சேர்ந்து வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல செய்தியென்றால் நிற்கவைத்தே சொல்லியிருப்பார்.

"இந்தத் தடவ உங்கள எடுக்கல. நாளைக்கு நோட்டீஸ் போடுவோம். அதுக்கு முன்னால நானே சொல்லணும்னு கூப்பிட்டேன்."

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அழுதால் அது அரை மணி நேரத்தில் லயத்துக்குப் போய்விடும். ஆபீஸ் சுவருக்குக் காது உண்டு. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு மாசமா நான்தானுங்களே பாத்தேன்? லயத்துப் பொம்பளன்னா வேணாம்னுட்டாங்களா?"

அவர் மேசையில் கிடந்த பைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இல்லன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. இது உங்களுக்கு நான் போட்ட மார்க். நீங்களே பாருங்க. மத்தவங்க தாளக் காட்ட முடியாது."

பார்த்தேன். கொழுந்தின் தரம், ஆட்களை நடத்துவது, மலையைப் பற்றிய அறிவு, மூன்றுக்கும் நிறைய மார்க் இருந்தது. 'முடிவெடுத்தலும் அறிவித்தலும்' என்ற இடத்தில் பத்துக்கு இரண்டு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முடிவெடுக்கத் தெரியாதவளா நான்?

"இன்டர்வியூல அஞ்சு கேள்வி கேட்டோம். கொழுந்து ரவுண்டு பிந்திப்போனா என்ன செய்வீங்கன்னு கேட்டோம். ஆள் பத்தலன்னா எந்த மலைய விடுவீங்கன்னு கேட்டோம். எல்லாத்துக்கும் என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. தொரை சொல்ற மாதிரி செய்வேங்க என்றுதான் சொன்னேன். கொழும்பிலிருந்து வந்த இரண்டு பெரியவர்களுக்கு முன்னால் வேறென்ன சொல்வது? அதுதான் மரியாதை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்; எனக்கும் பேச்சு வந்த நாளிலிருந்து அதுதான் வருகிறது.

"பயந்துட்டீங்கன்னு அத விட்டிருப்பேன்" என்றார். "ஆனா போன மாசம் நடந்தத விட முடியல. காலையில பெரட்டுல வேல பிரிக்கும்போது ஒன்பதாம் நம்பர் மலைக்குப் போகச் சொன்னேன். சரிங்க தொரைன்னீங்க. போனது நாலாம் நம்பருக்கு."

அது அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

"நாலுல கொழுந்து முத்தற மாதிரி இருந்துச்சுங்க. ஒன்பது ரெண்டு நாள் தாங்கியிருக்கும்."

"ஆமா. நீங்க நெனச்சதுதான் சரி. நான் சொன்னது தப்பு. ஆனா எனக்குத் தெரியாதே. நான் லாரிய ஒன்பதுக்கு அனுப்பிட்டேன். அது அங்க காத்துக்கிட்டு நின்னுச்சு, இங்க நல்ல கொழுந்து சாக்குல அவிஞ்சு போச்சு. இந்தத் தோட்டத்துல உங்கள மாதிரி மலை தெரிஞ்ச ஆள் ரெண்டு பேர் இருந்தா அதிகம். அந்த அறிவு எங்கிட்ட வந்து சேரலன்னா எனக்கு என்ன பிரயோசனம்?"

அவிந்த கொழுந்தை அன்றைக்கு நானே கையால் அள்ளிப் பார்த்தேன். லாரிக்காரனைத்தான் திட்டினேன். அவர் சொன்னது நியாயம் என்பதுதான் எனக்கு எரிந்தது. அநியாயமாக ஏதாவது சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

கீழ் டிவிசனில் இதே உத்தியோகம் பார்க்கும் ஐயா வருடக் கடைசியில் பென்சன் போகிறார் என்றும், அந்த இடத்துக்கும் விண்ணப்பம் கேட்பார்கள் என்றும் தொரை சொன்னார். "வேல உங்களுக்குத்தான்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா அவர் லீவுல போற நாள்ல கீழ் டிவிசன நீங்க பாருங்க. எழுத்துலேயே தர்றேன். அப்புறம், பெரட்டுல நான் தப்பா சொன்னா அங்கேயே சொல்லணும். செய்வீங்களா?"

"சரிங்க தொரை" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவர் சிரித்துவிடக் கூடாதே என்றிருந்தது. நல்ல வேளை, சிரிக்கவில்லை.

அன்றிரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை என்றதும் மகள், "பரவால்லம்மா, அடுப்படிதான் சூடா இருக்கு" என்றாள். அது என்னை இன்னும் வதைத்தது.

ஒன்றாம் தேதி புது உத்தியோகத்தர் வந்தார். வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர், சாந்தமான ஆள். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை காலைப் பெரட்டில் டிவிசனே கூடி நிற்க, தொரை அட்டவணையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்குப் பன்னிரண்டாம் நம்பர் மலை."

என் வாய் தானாகத் திறந்தது. பழைய சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லீங்க தொரை" என்றேன்.

பெரட்டுக்களமே என்னைத் திரும்பிப் பார்த்தது. தொரையின் காது சிவந்தது. எதிர்த்துப் பேசச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் அத்தனை பேருக்கு முன்னால் கேட்பது அவருக்கும் சுலபமாக இல்லை. எனக்கு இருந்த வேலையும் போகப் போகிறது என்று நினைத்தேன்.

"ஏன்?" என்றார்.

"பன்னிரண்டுல போன சனிக்கிழம மருந்தடிக்க இருந்தது, மழையில நின்னு போச்சுங்க. திங்கக்கிழமதான் அடிச்சாங்க. அட்டவணையில மாத்தல. ஏழு நாள் ஆகாம கொழுந்தெடுக்கக் கூடாதுங்க. இன்னைக்கு அஞ்சாம் நம்பருக்குப் போகலாம். லாரியும் அங்கேயே வரணும்."

அவர் அட்டவணையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடைசியில் புது உத்தியோகத்தரிடம், "அஞ்சாம் நம்பர். லாரிக்குச் சொல்லிருங்க. மருந்துத் தேதியையும் திருத்துங்க" என்றார்.

கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும்போது என் கூட்டத்துப் பெண்ணொருத்தி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"வேலதான் கெடைக்கலைன்னாங்க. வாய் கெடச்சிருச்சு போல!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்து அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது.