மூன்றுக்கு இரண்டு மார்க்

விடைத்தாள் திருத்தும்போது நான் தாராளமானவள். மூன்று பாயிண்ட் கேட்ட கேள்விக்கு இரண்டை எழுதியிருந்தால் இரண்டு மார்க் போட்டுவிடுவேன். அந்தப் புத்தி என் உடம்பு விஷயத்திலும் வந்து நின்றதுதான் கூத்து.

மூத்தவள் பிறந்தது ஜூலையில், ஆபரேஷனில். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்கு அடுத்ததை நினைச்சே பார்க்கக் கூடாது. உள்ள தையல் ஆறணும். அவசரப்பட்டா உயிருக்கே ஆபத்தாயிரும்." கருத்தடைக்குக் காப்பர்-டி போடட்டுமா என்றும் கேட்டார். கம்பி என்றாலே எனக்குக் குலைநடுக்கம். அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

பழங்காநத்தத்தில் மாடிவீடு எங்களுக்கு. 'எங்களுக்கு' என்று சும்மா சொல்கிறேன். அவருக்கு வேலை ஓசூரில், மாதம் ஒரு தடவை வருவார். என் அம்மா கல்லறைக்குப் போய் நாலு வருஷம். மாமியார் தூத்துக்குடியில் படுத்த படுக்கை. நானும் பிள்ளையும் மட்டும்தான். கீழே தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் பேசிக்கொண்டே போவார்கள், நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். வாய் திறந்து பேச ஆளில்லாமல் பிள்ளையிடம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்டு.

மூன்றரை மாதத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். நர்ஸ் மேசைக்கு எதிரே இரண்டு ஸ்டூல். ஒன்றில் நான், இன்னொன்றில் என் பை.

"வீட்டுக்காரர் வரலையா டீச்சர்?"

"ஓசூர்ல இருக்காங்க சிஸ்டர்."

"சரி, அடுத்த பிள்ளை வராம இருக்க என்ன பண்றீங்க?"

"தாய்ப்பால்தான் குடுக்குறேன்."

"அது போதும். ஆனா மூணு விஷயம் சேர்ந்து இருக்கணும்," என்று அந்தம்மா விரலை மடக்க ஆரம்பித்தார். "ஒண்ணு, பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கக் கூடாது. ரெண்டு, தாய்ப்பால் மட்டும். பகல்ல நாலு மணி நேரம், ராத்திரி ஆறு மணி நேரம், அதுக்கு மேல இடைவெளி விடக் கூடாது. பிள்ளை சப்பச் சப்பத்தான் கருமுட்டை வெளிய வராம இருக்கும். மூணாவது, பிள்ளைக்கு ஆறு மாசம் முடிஞ்சிருக்கக் கூடாது. இந்த மூணுல எது ஒண்ணு மாறினாலும் அன்னைக்கே வேற முறைக்கு மாறணும். என்கிட்ட வாங்க."

தலையாட்டினேன். பாடம் புரிந்த மாணவி மாதிரி அப்படி ஒரு தலையாட்டல்! அடுத்த ஊசி ஒன்பதாம் மாதம். அதுவரை அந்த ஸ்டூலில் உட்கார எனக்கு வேலை இல்லை.

நவம்பர் கடைசியில் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திரும்பினேன். காலை எட்டேகாலுக்குப் பஸ் ஏறினால் வீடு வர ஐந்தாகும். பகலெல்லாம் பிள்ளையைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டேன். பவுடர் பாலைக் கரைத்து பாட்டிலில் கொடுப்பார். மதிய இடைவேளையில் எனக்கு மார்பு கல்லாகக் கனக்கும். ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் பிழிந்து வாஷ்பேசினில் விடுவேன். வெள்ளையாக ஓடும் அதைப் பார்த்து அழுகையாக வரும். தண்ணீரைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவேன்.

ராத்திரியும் படுக்குமுன் ஒரு பாட்டில் கொடுக்கச் சொன்னார் அக்கா. "நல்லா தூங்கும்மா, நீயும் எம்புட்டு நாளைக்குத்தான் முழிச்சுக் கெடப்ப?" கொடுத்தேன். பிள்ளை ஏழு மணி நேரம் ஒரே தூக்கம். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

மூன்று விதியும் நினைவில்லாமல் இல்லை. அதுதான் எரிச்சல். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் லீவு போட்டு அவர் வந்தபோது, நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பீரியட்ஸ் வரவில்லை, ஒன்று. பிள்ளைக்கு ஐந்தரை மாதம்தான், இரண்டு. பால் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே. மூன்றுக்கு இரண்டு, பாஸ்!

"ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவரும் கேட்டார்.

"நர்ஸம்மா சொல்லியிருக்காங்க, ஆகாது," என்றேன். இப்படித் திமிராக ஒரு பதிலை என் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் பெஞ்சில் ஏற்றியிருப்பேன். அவர் புத்தாண்டு முடிந்ததும் ஓசூர் போய்விட்டார். வீடு மறுபடியும் வெறிச்சென்று ஆனது.

மார்ச்சில் வகுப்பில் நிற்க முடியாமல் தலை சுற்றியது. பரீட்சை நேரத்து அலைச்சல் என்று நினைத்தேன். வாந்தி வந்தபோது கேன்டீன் வடையைத் திட்டினேன். மாதவிலக்கு வராததைப் பற்றிக் கவலையே இல்லை. பால் கொடுக்கிறேனே, எப்படி வரும்? வந்தால் அன்றைக்கே நர்ஸிடம் ஓடலாம் என்று அதை ஒரு எச்சரிக்கை மணி மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் ஒன்பதாம் மாத ஊசி. அதே மேசை, அதே இரண்டு ஸ்டூல்.

"பீரியட்ஸ் வந்திருச்சா டீச்சர்?"

"இன்னும் இல்ல சிஸ்டர்," என்றேன், ஏதோ சாதித்தவள் மாதிரி.

அந்தம்மா பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பாட்டில் பால் எப்போதிருந்து என்று கேட்டார். நவம்பர் என்றேன். ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் கொடுத்து, பாத்ரூமைக் காட்டினார்.

அட்டையில் இரண்டு கோடு. அதை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

"பீரியட்ஸே வரலையே சிஸ்டர்! எப்படி?"

"முட்டை முதல்ல வரும் டீச்சர். கரு தங்கலைன்னா அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பீரியட்ஸ். முதல் முட்டையிலயே தங்கிருச்சுன்னா, நீங்க எதைப் பார்க்கப் போறீங்க?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பாட்டில் ஆரம்பிச்ச அன்னைக்கே வரச் சொன்னேன்ல," என்றார்.

"மத்த ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு."

"இது ரெண்டு சரின்னா ரெண்டு மார்க் போடுற பரீட்சையா? மூணும் வேணும். இல்லைன்னா சைபர்."

ஸ்கேனில் மூன்றரை மாதம். டாக்டரம்மா கத்தாத குறை. வேண்டாமென்றால் இப்போதே சொல்லு என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்று மாலை ஓசூருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா, நீ டீச்சர்தான?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். போனை வைத்துவிட்டு அந்த மாடிவீட்டில் யாரிடம் போய் நான் என்ன சொல்ல?

மே மாதம் பால் குறைந்துபோனது. மூத்தவள் இரண்டு தடவை சப்பிப் பார்த்துவிட்டு, மார்பில் கை வைத்துத் தள்ளிவிட்டு, பாட்டிலை நோக்கித் தவழ்ந்து போனாள். எனக்கு இருந்த ஒரே துணையும் எழுந்து போனது போலிருந்தது. பெருங்குரலெடுத்து அழுதேன்.

செப்டம்பரில் மறுபடியும் ஆபரேஷன்; இளையது நல்லபடியாகப் பிறந்தது. போன தடவை தையல் போட்ட இடம் காகிதம்போல மெலிந்து போயிருந்ததாம். "நூலிழையில தப்பிச்சம்மா நீ," என்றார் டாக்டரம்மா. வயிற்றை மூடுமுன்னே காப்பர்-டி வைத்துவிடச் சொல்லி நான்தான் முதலிலேயே கேட்டிருந்தேன். பயம் எல்லாம் எங்கே போனதோ. என் வீட்டுக்காரர் அப்போது பஸ்ஸில் திண்டுக்கல் தாண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த நர்ஸ் அவராகவே வார்டுக்கு வந்து பார்த்தார். என் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. யாரும் கேட்காமலே நான் விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தேன்: பீரியட்ஸ் வந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, ஒன்று மாறினாலும் அன்றைக்கே வேறு முறை. இடைவெளி நாலு, ஆறு என்பதையும் விடவில்லை.

அந்தம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தலையைத் தடவினார்.

"முழு மார்க் டீச்சர்," என்றார்.

அந்தப் பதினாலு மாதத்தில் என் தலையைத் தொட்ட முதல் கை அது. பதில் எல்லாம் சரிதான். பரீட்சைதான் எப்போதோ முடிந்துபோயிருந்தது.